குறுந்தொகை 3: வரி வரியாக

பாப்பா, புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படிக்கிற உனக்குத் தேவகுலத்தாரின் இந்தப் பாட்டு மிரட்டும்தான். தலைவி தோழியிடம் பேசுகிறாள்.

"நிலத்தினும் பெரிதே வானினும் உயர்ந்தன்று": நிலத்தைவிடப் பெரியது, வானத்தைவிட உயர்ந்தது. ‘அன்று’ வந்ததால் ‘இல்லை’ என்று படித்துவிடாதே.

"நீரினும் ஆரள வின்றே சாரல்": கடல்நீரைவிட அளக்க அரியது. இந்த ‘இன்று’வும் மறுப்பு இல்லை. ‘சாரல்’ அடுத்த வரியோடு சேரும்; மலைச்சரிவு.

"கருங்கோற் குறிஞ்சிப் பூக்கொண்டு": கரிய தண்டுள்ள குறிஞ்சிப் பூக்களிலிருந்து.

"பெருந்தேன் இழைக்கும் நாடனொடு நட்பே": தேனீக்கள் நிறையத் தேன் சேர்க்கும் நாட்டுக்காரனோடு எனக்குள்ள காதல். எது பெரியது என்பதைக் கடைசிச் சொல்வரை ஒளித்துவைக்கிறாள், கெட்டிக்காரி! நீலக்குறிஞ்சி 12 ஆண்டுக்கு ஒருமுறைதான் பூக்கும். அந்தத் தேனை யோசித்துப் பார். சரி, மிச்சச் சந்தேகத்தைச் சனிக்கிழமை கடலூர் வரும்போது பெரியப்பாவிடம் கேள்.