இரு கையால் ஏந்தும் வாழ்த்து

ஆசிரியப் பெருமக்களே,
2000-ஆம் ஆண்டில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்த தோழர்களே, தோழியரே,
முதல் மதிப்பெண் பெற்றவர் முன்வரிசையில் அமர்ந்திருக்க,
இயற்பியலில் ஒன்பது மதிப்பெண் குறைந்து
செப்டம்பரில் மறுதேர்வு எழுதிய என்னை
வாழ்த்துப் பாட அழைத்தவர் யார் என்று தெரியவில்லை;
அவருக்கு என் நன்றியும், சிறு வருத்தமும்.

நம் கையில் இருப்பது கண்ணாடிக் குவளை அன்று, பனையோலைப் பட்டை.
ஒரு கையால் தூக்கினால் மடிப்பு விரிந்து மடியில் வழியும்;
பக்கத்தவர் பட்டையோடு இடித்தால்
பாதிப் பதநீர் இந்தச் செம்மண்ணுக்குப் போய்விடும்.
ஆகவே கைப்பேசியைப் பைக்குள் வைத்துவிட்டு
(காணொளி எடுக்கும் நண்பரே, உங்களையுந்தான் சொல்கிறேன்)
இரு கைகளாலும் ஏந்துங்கள்.
சுண்ணாம்பு தடவாத கலயம் ஒன்று கிடைக்குமா என்று
காலையில் என் காதில் கேட்டவருக்கு,
வேதியியல் ஆசிரியர் மூன்றாவது நாற்காலியில் இருக்கிறார்
என்பதை மட்டும் பணிவுடன் தெரிவிக்கிறேன்.

தேரிக்காட்டுக் காற்று அள்ளிவந்த மண்ணால்
வெள்ளைச் சட்டையெல்லாம் வெள்ளிக்கிழமைக்குள் காவியாகிப்போன நாள்களில்
நாம் நாற்பத்து மூவர் ஓர் அறையில் இருந்தோம்;
இரண்டு ஆண்டுகள் அந்தப் பக்கத்து வரிசையோடு ஒரு சொல்லும் பேசாதவர்கள்,
இன்று வாட்ஸ்அப் குழுவில் நள்ளிரவு தாண்டியும்
ரசத்துக்குப் பெருங்காயம் எப்போது போடுவது என்று வாதிடுகிறோம்.

1999 ஆகஸ்ட் 11 நினைவிருக்கிறதா?
மாலைச் சிறப்பு வகுப்பைப் பாதியில் நிறுத்திவிட்டு,
யாரோ ஒருவருடைய பாட்டியின் முழங்கால் எக்ஸ்ரே படத்தை
ஒருவர் கையிலிருந்து ஒருவர் பிடுங்கி,
கடித்த அப்பளம்போல் குறைந்து நின்ற சூரியனை
அந்த முழங்கால் எலும்பின் வழியே பார்த்தோம்.
அப்படிப் பார்ப்பது கண்ணுக்குக் கேடு என்று இப்போது அறிவோம்;
அன்று படம் பத்திரமாகப் பாட்டியிடம் திரும்பியதே நமக்குப் பெரிய செய்தி.

இனி, இந்தப் பதநீரைப் பற்றிச் சொல்ல வேண்டும்.
வருகைப் பதிவேட்டில் இருபத்து மூன்றாம் எண்ணுக்குரியவர்
விடிவதற்கு முன் தந்தையோடு பனையேறி, பாளை சீவி,
கலயம் இறக்கிவைத்துவிட்டுப் பள்ளிக்கு ஓடிவருவார்;
முதல் பாடவேளையில் அவர் தலை சாயும்,
சாய்ந்த குற்றத்துக்காக மணியடிக்கும் வரை நிற்பார்.
அவருடைய நகக்கண்ணில் வெள்ளையாய் இருந்த சுண்ணாம்பைப் பார்த்து,
சாக்குக்கட்டி திருடியவன் என்று நாம் பெயர் வைத்தோம்;
வைத்தவர்களில் நானும் ஒருவன்.
மறுதேர்வுக்கு என்னோடு ஒரே பேருந்தில் வந்தவரும் அவர்தான்.
அன்று என் பேனா கசிந்து உள்ளங்கை முழுதும் நீலமாக,
தம் பேனாவைக் கொடுத்துவிட்டு, வாயிற்காவலரிடம் ஒன்று வாங்கி எழுதி,
என்னைவிட நான்கு மதிப்பெண் கூடுதலாகப் பெற்றுத் தேறினார்.

இன்று அதிகாலை அவர் பதினொரு பனை ஏறியிருக்கிறார்.
தண்டவாளத் துண்டில் மணியடிக்கும் அந்த மூலையில்
மண்பானைக்குப் பின்னால் நின்று,
பட்டைக்கு இரண்டு மாங்காய்த் துண்டு என்று எண்ணிப் போட்டுக்கொண்டிருக்கிறார்.
இருபத்து மூன்று, இங்கே வாருங்கள்.
அகப்பையை வேறொருவர் பிடிக்கட்டும்;
முதல் வாழ்த்து உங்களுக்கு.

அடுத்தது, ஆயிரத்துக்கு மேல் மதிப்பெண் வாங்கியும்
மதிப்பெண் பட்டியல் கைக்கு வரும் முன்பே மணவறையில் அமர்த்தப்பட்டு,
இன்று கருப்பட்டிக் கடையின் கணக்கு முழுவதையும்
மனத்திலேயே கூட்டிச் சொல்லும் தோழிக்கு.
அடுத்தது, நம்மை நிற்கவைத்தவர்களுக்கும், தாமும் நின்றே கற்பித்தவர்களுக்கும்;
ஐயா, அம்மா, உங்கள் முழங்கால் வலி எங்களுக்குத் தெரியும்,
அதனால்தான் நல்ல நாற்காலிகளை இந்தப் பக்கம் போட்டோம்.
அடுத்தது, துபாயிலும் திருப்பூரிலும் விடுப்புக் கிடைக்காமல்
இந்நேரம் குழுவில் “படம் அனுப்பு” என்று நச்சரிப்பவர்களுக்கு.

எண் ஒன்பது, எண் பதினான்கு, எண் முப்பத்தொன்று:
இம்மூவருக்காக அந்தக் கடைசி பெஞ்சில் மூன்று பட்டைகள்
மடித்து, நிரப்பி, சாயாமல் முட்டுக்கொடுத்து வைத்திருக்கிறோம்.
ஒரு நிமிடம் அந்தப் பக்கம் பார்த்துவிட்டு வாருங்கள்.

வெயில் வேப்பமரத்தின் இடுப்புக்கு வந்துவிட்டது,
மாங்காய் ஊறிவிட்டது, ஈ மொய்க்கத் தொடங்கிவிட்டது.
இருபத்தைந்து ஆண்டுகளுக்குப் பிறகு கூடிய நாம்,
இரு கையால் ஏந்தி, தலையைச் சற்றே சாய்த்து,
பட்டையின் மூக்கை உதட்டில் வைத்து,
எல்லோரும் ஒன்றாகக் குடிப்போம், வாருங்கள்.