வகுப்பறைச் செயலாராய்ச்சிக்கு அனுமதி வேண்டி விண்ணப்பம்

8.9.2025

அனுப்புநர்
ச. கலைச்செல்வி,
பட்டதாரி ஆசிரியர் (தமிழ்),
அரசு உயர்நிலைப் பள்ளி,
மதுரை மாவட்டம்.

பெறுநர்
தலைமையாசிரியர் அவர்கள்,
அரசு உயர்நிலைப் பள்ளி,
மதுரை மாவட்டம்.

பொருள்: ஏழாம் வகுப்பு ‘ஆ’ பிரிவில் மயங்கொலிப் பிழைகள் குறித்துச் செயலாராய்ச்சி மேற்கொள்ள அனுமதி வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். நான் வகுப்பாசிரியராக இருக்கும் ஏழாம் வகுப்பு ‘ஆ’ பிரிவின் 34 மாணவர்களிடம், ல, ள, ழ; ர, ற; ண, ன, ந ஆகிய எழுத்துகளை மாற்றி எழுதும் பிழையைக் குறைப்பதற்கான சிறு ஆய்வொன்றை நடத்த விரும்புகிறேன். ஆய்வறிக்கையை மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனத்தில் அளிக்க எண்ணியுள்ளேன்.

சென்ற மாதம் கட்டுரை ஏடுகளைத் திருத்தியபோது, ஒரு மாணவன் ‘மளை பெய்ததால் பல்லிக்கு வரவில்லை’ என்று எழுதியிருந்தான். பக்கத்திலிருந்தவன் அதை உரக்கப் படிக்க, வகுப்பே சிரித்தது. அடுத்த நாள் அவன் ஏட்டை மேசையில் வைக்கவில்லை. ‘வாளப்பளம்’ என்று வீட்டில் கேட்டு வளரும் பிள்ளை காதில் விழுந்தபடி ‘மளை’ என்று எழுதுவதைக் கவனக்குறைவு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சரியான சொல்லைப் பத்து முறை எழுதச் சொல்வதையே இத்தனை ஆண்டுகளாக நானும் செய்துவந்தேன். பத்தாவது முறை சரியாக எழுதும் பிள்ளை அடுத்த கட்டுரையில் மீண்டும் பழையபடியே எழுதுவதையும் கண்டிருக்கிறேன்.

எனவே, எழுதுவதற்கு முன் நாக்கு எங்கே தொடுகிறது, எங்கே வளைகிறது என்பதை மாணவரே உணர்ந்து ஒலித்துப் பார்த்தால் இப்பிழை குறைகிறதா என்பதை அறிவதே இந்த ஆய்வின் நோக்கம். 13.10.2025 முதல் 7.11.2025 வரை வாரத்துக்கு மூன்று நாள், என் தமிழ்ப் பாடவேளையின் முதல் 15 நிமிடங்களில் மட்டுமே பயிற்சி நடைபெறும். தொடக்கத்திலும் முடிவிலும் 40 சொற்களைச் சொல்வதெழுதுதலாகத் தருவேன். அவற்றில் 20 சொற்கள் பயிற்சியில் வராதவையாக இருக்கும். உடனே தெரியும் முன்னேற்றம் நிலைக்கிறதா என்று பார்க்க 28.11.2025 அன்று மீண்டும் ஒருமுறை எழுதச் செய்வேன். தீபாவளி விடுமுறையாலோ மழை விடுமுறையாலோ நாள்கள் குறைந்தால் பயிற்சியைத்தான் சுருக்குவேன். பாடப்பகுதியைக் குறைக்க மாட்டேன். ஒரே வகுப்பில் நடப்பதால் இதன் முடிவு எல்லாப் பள்ளிக்கும் பொருந்தும் என்று அறிக்கையில் கூற மாட்டேன்.

மாணவர் நலன் குறித்து நான் மிகவும் யோசித்தது ஒன்று உண்டு. மதிப்பெண் இடுபவளும் நானே, ஆய்வு செய்பவளும் நானே என்பதால் ‘வேண்டாம்’ என்று சொல்லப் பிள்ளைகள் தயங்குவார்கள். ஆகவே பெற்றோரின் எழுத்துவழி ஒப்புதலோடு மாணவரின் விருப்பத்தையும் தனியே கேட்பேன். அந்தத் தாள்களை ‘அ’ பிரிவு வகுப்பாசிரியர் வாங்கி வைத்துக்கொள்ள இசைந்துள்ளார், அரையாண்டுத் தேர்வு மதிப்பெண்கள் பதிவான பின்னரே என்னிடம் தருவார். பயிற்சி வழக்கமான பாடத்தின் பகுதியாக எல்லாருக்கும் உண்டு. ஒப்புதல் தராதவர்களின் தாள்கள் ஆய்வுக் கணக்கில் சேரா, அவ்வளவே. இடையில் எப்போது வேண்டுமானாலும் காரணம் சொல்லாமல் விலகலாம். எழுதப் படிக்கத் தெரியாத பெற்றோருக்குக் கடிதத்தை நேரில் படித்துக் காட்டுவேன். காலையிலேயே வேலைக்குச் செல்பவர்களை மாலையில் சந்திப்பேன்.

தாள்களில் பெயருக்குப் பதில் எண் மட்டுமே இருக்கும். பெயரும் எண்ணும் சேர்ந்த பட்டியல் தங்கள் அறையிலுள்ள பூட்டிய பீரோவில் இருக்கவும், அறிக்கை அளித்தபின் அழிக்கப்படவும் வேண்டுகிறேன். சாதி, குடும்ப வருமானம் போன்ற விவரங்களைக் கேட்க மாட்டேன். படமோ குரலோ பதிவு செய்ய மாட்டேன். யாருடைய பிழையையும் வகுப்பில் வாசிக்க மாட்டேன், யாரையும் தனியே எழுப்பி ஒலிக்கச் சொல்ல மாட்டேன்; குழுவாகவே ஒலிப்போம். வகுப்பில் திக்கிப் பேசும் மாணவி ஒருத்தி இருப்பதால் இதில் நான் உறுதியாக இருக்கிறேன். வீட்டுப் பேச்சைத் தவறென்று சொல்லாமல், எழுத்துக்கு வேறு வழக்கம் உண்டு என்றே விளக்குவேன். எந்தப் பிள்ளைக்காவது தீங்கு நேர்வதாகத் தெரியவந்தால், அதை ஆய்வு ரகசியம் என்று மறைக்காமல் உடனே தங்களிடம் தெரிவிப்பேன். போக்சோ சட்டத்தின்படி புகாரளிக்க வேண்டியதானால் அதையும் செய்வேன்.

பயிற்சி பலன் தந்தால் ‘அ’ பிரிவுக்கும் அதை நடத்தித் தருவேன். பலன் தராவிட்டாலும் உள்ளது உள்ளபடி எழுதித் தங்களிடம் முதலில் காட்டுவேன். அறிக்கையில் பள்ளியின் பெயர் இடம்பெறாது.

ஆய்வுக்கான எழுத்துவழி அனுமதியையும், பெற்றோருக்குக் கடிதம் அனுப்பும் அனுமதியையும் வழங்கி, அடுத்த பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் இதை விளக்க எனக்குப் பத்து நிமிடம் ஒதுக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். சொற்பட்டியலும் ஒப்புதல் படிவமும் இத்துடன் இணைக்கப்பட்டுள்ளன. தாங்கள் மாற்றச் சொல்வதை மாற்றிய பிறகே தொடங்குவேன்.

நன்றி.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ச. கலைச்செல்வி

இணைப்பு: சொற்பட்டியல், பெற்றோர் ஒப்புதல் படிவம், மாணவர் விருப்பத் தாள்.