சுருக்கம் மாற்றிக்கொள்ளலாமா, வாசந்தி?

மோக்கா, மொரீஷியஸ்
வியாழக்கிழமை

அன்புள்ள வாசந்தி,

கால் எப்படி இருக்கிறது? மாவுக்கட்டு பிரிக்க இன்னும் இரண்டு வாரமாகும் என்று உன் தம்பி சொன்னான். அவன் தினமும் ரோஸ் ஹில்லுக்கு மெட்ரோவில்தானே திரும்புகிறான், அதனால் இந்தக் கவரை அவனிடமே கொடுத்துவிட்டேன். வழியில் பிரித்துப் படித்திருந்தால் நீயே கவனித்துக்கொள்.

நீ வராத வாரங்களில் வரலாற்றுத் தாளில் ஒப்பந்தக் கூலிகள் பகுதியைச் சார் முழுக்க முடித்துவிட்டார். என் நோட்டைப் போட்டோ எடுத்து அனுப்பிவிடலாம்தான். ஆனால் பாதி தமிழ், பாதி பிரெஞ்சு, ஓரமெல்லாம் கிரியோலில் என் முணுமுணுப்பு என்று கிடக்கும் அதை வைத்து நீ என்ன செய்வாய்? அதனால் ஒரு வகுப்புக்கு ஒரு பக்கம் என்று சுருக்கி எழுதித் தருகிறேன். பதிலுக்கு நீ எனக்குப் புணர்ச்சியைச் சுருக்கி எழுதித் தரவேண்டும். நீ விழுவதற்கு முன்பே நடந்த பாடம் அது. வகுப்பில் எல்லாரும் விழித்துக்கொண்டிருந்தபோது நீ மட்டும் தலையாட்டிக்கொண்டிருந்தாய், நான் பார்த்தேன்.

எனக்கு எங்கே இடிக்கிறது என்று சொல்லிவிடுகிறேன். மரம், வேர் சேர்ந்தால் மரவேர். மரம், கிளை சேர்ந்தால் மரக்கிளை. அதுவரை சரி. அப்புறம் மரங்கள் என்று வரும்போது அந்த ‘ம்’ போகாமல் ‘ங்’ ஆகி உட்கார்ந்துகொள்கிறது. எப்போது போகும், எப்போது மாறும்? நூற்பாவை மட்டும் எழுதி அனுப்பாதே, அது என்னிடமும் இருக்கிறது. ஒவ்வொரு விதிக்கும் நாம் வீட்டில் பேசும் சொல்லாக ஒரு உதாரணம் வேண்டும். னகர ஈறும் சேர்த்து எழுதினால் புண்ணியமாகப் போகும்.

நான் எப்படி எழுதுவேன் என்று தெரிய, 1867 சட்டம் பற்றிய வகுப்பின் சுருக்கம் இதோ:

“1834 நவம்பர் 2-இல் ‘அட்லஸ்’ கப்பல் போர்ட் லூயிஸ் வந்ததிலிருந்து ஒப்பந்தக் கூலி முறை தொடங்குகிறது. (தமிழர் வந்தது அதற்கும் ஒரு நூற்றாண்டு முன்னால், பிரெஞ்சுக்காரர் காலத்தில், புதுச்சேரிப் பக்கத்துக் கைவினைஞர்களாக. பரீட்சையில் இதைக் குழப்பக்கூடாது.) ஆணுக்கு மாதம் 5 ரூபாய், கூடவே அரிசி, பருப்பு. ஆனால் ‘டபிள் கட்’ உண்டு: ஒரு நாள் வேலைக்கு வராவிட்டால் இரண்டு நாள் சம்பளம் போகும். ஒப்பந்தம் முடிந்தவர்களுக்கும் விடுதலை இல்லை. 1867 சட்டப்படி அவர்கள் தங்கள் படம் ஒட்டிய பாஸ் வைத்திருக்க வேண்டும். பாஸ் இல்லாமல் வெளியே அகப்பட்டால் கைது. 1871-இல் அடால்ஃப் தெ பிளெவிட்ஸ் 9,401 பேர் சார்பில் மனு எழுதினார். அடுத்த ஆண்டு அரச விசாரணைக் குழு வந்தது. க: சட்டம் குறிவைத்தது தோட்டத்தில் இருந்தவரை அல்ல, தோட்டத்தை விட்டு வெளியேறியவரை.”

அந்த ‘க’ என் கருத்து என்பதற்கு அடையாளம். சார் சொன்னதையும் நான் நினைப்பதையும் கலந்துவிட்டால் நாளைக்கு நீ எழுதும் விடையில் என் தலை எட்டிப் பார்க்கும். நீயும் அப்படியே செய். உனக்கே சந்தேகம் இருக்கும் இடத்தைப் பென்சிலால் வட்டமிட்டுவிடு, அதை நான் மேடத்திடம் கேட்டுவிடுகிறேன்.

அந்தப் பாஸ் படங்கள் நம் மகாத்மா காந்தி நிறுவனத்து ஆவணக் காப்பகத்திலேயே இருக்கின்றன, தெரியுமா? நேராக காமிராவைப் பார்க்கும் முகங்கள். ஒருவரும் சிரிக்கவில்லை. சார் ஒரு பிரதியைத் திரையில் காட்டியபோது பின்வரிசை கூட வாயை மூடிக்கொண்டது. இதைச் சுருக்கத்தில் எப்படி எழுதுவது என்று தெரியாமல் விட்டுவிட்டேன். கட்டு பிரித்ததும் நீயே ஒரு தடவை கேட்டுப் பார்த்துவிடு.

மற்ற தாள்கள் பற்றிக் கவலைப்படாதே. சங்க இலக்கியத்தில் பெரிதாக ஒன்றும் நகரவில்லை, மேடம் பாதி நாள் வரவில்லை.

அடுத்த புதன்கிழமைக்குள் மீதி வரலாற்றுப் பக்கங்களைத் தம்பியிடம் கொடுத்துவிடுகிறேன். மகர ஈற்றை மட்டுமாவது அதே நாளில் அவனிடம் கொடுத்தனுப்பு, எனக்கு அதற்கடுத்த திங்களன்று இலக்கணத்தில் சின்ன டெஸ்ட் இருக்கிறது. உனக்குக் கை வலித்தால் வாயால் சொல்லி ஆடியோவாக அனுப்பு, நான் எழுதிக்கொள்கிறேன். இந்த ஏற்பாடு பிடிக்கவில்லை என்றாலும் சொல்லிவிடு, வரலாற்றுப் பக்கங்கள் எப்படியும் உனக்கு வந்துவிடும்.

அம்மாவுக்கு என் வணக்கம் சொல்.

அன்புடன்,
கவிஷா