ஏற்காடு விடுதியில் இருக்கும் மகளுக்கு

அஸ்தம்பட்டி, சேலம்
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள கயல்விழிக்கு,

அம்மா எழுதுவது. அப்பாவும் அம்மாயியும் நலம். போன வாரம் தொலைபேசியில் நீ தணிந்த குரலில், "எல்லாரும் ஸ்ப்ரே வச்சிருக்காங்கம்மா, எனக்கும் ஒண்ணு வேணும்" என்று சொன்னபோது, உனக்குப் பின்னால் பேசக் காத்திருந்த பிள்ளைகளின் சத்தமும் சேர்ந்து கேட்டது. வராந்தாவில் நின்றுகொண்டு பேசக்கூடிய விஷயம் இல்லை என்பதால்தான் கடிதமாக எழுதுகிறேன். இதனோடு வரும் பொட்டலத்தில் ஒரு ரோல்-ஆன் டியோடரன்ட், ஒரு பாட்டில் பாடி வாஷ், இரண்டு பருத்தித் துண்டு, ஆறு உள்ளாடை, நான்கு சிம்மிஸ் ஆகியவை இருக்கின்றன. மலை ஏறும்போது காற்றழுத்தம் குறைந்து பாட்டில் கசியும் என்பதால் மூடியைச் சுற்றி செல்லோடேப் ஒட்டியிருக்கிறேன். குளியலறைக்குள் ஈரக்கையோடு போராடாமல், அறையிலேயே அதைப் பிரித்துவிடு.

அக்குளில் புதிதாக ஒரு வாடை வருகிறது என்று நீ கவனித்திருக்கிறாய். அது அழுக்கினால் வந்தது இல்லை. உடம்பு முழுவதும் இருக்கும் சாதாரண வியர்வைச் சுரப்பிகள் பிறந்ததிலிருந்தே வேலை செய்கின்றன. ஓடி விளையாடும்போது நெற்றியில் வழிவது அந்த வியர்வைதான். அக்குளிலும் தொடை இடுக்கிலும் வேறொரு வகைச் சுரப்பிகள் இத்தனை நாள் சும்மா இருந்துவிட்டு, வயதுக்கு வரத் தொடங்கும் காலத்தில்தான் விழித்துக்கொள்கின்றன. அவற்றிலிருந்து வருவது கொஞ்சம் கொழுப்பும் புரதமும் கலந்த வியர்வை. வரும்போது அதற்குப் பெரிதாக வாடை கிடையாது. தோலின் மேல் இயல்பாகவே வாழும் பாக்டீரியாக்கள் அதைச் சிதைக்கும்போதுதான் வாடை பிறக்கிறது. ஆகவே வியர்வை தங்காமலும் பாக்டீரியா பெருகாமலும் பார்த்துக்கொள்வதே நம்முடைய வேலை. வாசனையைப் பூசி வாடையை மூடுவது அந்த வேலையில் சேராது.

ஏற்காட்டுக் குளிரில் வியர்க்காது என்று நினைத்துவிடாதே. சேலத்தில் வெயிலடித்தால் சட்டை நனைவது கண்ணுக்குத் தெரியும், உடனே மாற்றிக்கொள்வோம். அங்கே பனிமூட்டத்தில் காலையிலிருந்து இரவு வரை ஸ்வெட்டரைக் கழற்றாமல் இருக்கும்போது உள்ளே வியர்ப்பது வெளியே தெரிவதில்லை. ஆனால் அக்குள் பகுதிக் கம்பளி அத்தனையையும் வாங்கி வைத்துக்கொள்ளும். ஸ்வெட்டரைத் தினமும் துவைக்க முடியாது என்பது எனக்கும் தெரியும். அதற்காகத்தான் பருத்தி சிம்மிஸ் அனுப்பியிருக்கிறேன். அதைத் தினமும் மாற்றினால் ஸ்வெட்டர் பத்து நாள் தாங்கும். ஞாயிற்றுக்கிழமை வெயில் தலைகாட்டினால் ஸ்வெட்டரை உள்புறம் வெளியே வரும்படி திருப்பிக் காயப்போடு.

குளியலுக்கு வருவோம். காலையில் ஒரு வாளி வெந்நீர்தான் கிடைக்கும், அடுத்த பிள்ளை கதவைத் தட்டிக்கொண்டே இருப்பாள் என்று நீ சொன்னது நினைவிருக்கிறது. நேரம் குறைவாக இருக்கிற நாளில் எல்லா இடத்துக்கும் ஒரே மாதிரி சோப்புப் போட வேண்டியதில்லை. அக்குள், கழுத்து, காதின் பின்புறம், மார்புக்குக் கீழே, தொடை இடுக்கின் வெளிப்புறம், கால் விரல் இடுக்கு ஆகிய இவற்றைத் தவறவிடாதே. கைகால்களுக்குத் தண்ணீரே பாதி வேலையைச் செய்துவிடும். பாடி வாஷ் ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்கு இருந்தால் போதும். உள்ளங்கையில் நுரைத்துக்கொண்டு தேய்த்தால் சரி, வலை நார் எதுவும் தேவையில்லை. அது ஈரமாகவே தொங்கிக்கொண்டிருந்தால் அதிலேயே கிருமி வளரும். முதல் நாள் முழங்கையின் உள்பக்கம் மட்டும் கொஞ்சம் போட்டுப் பார். மறுநாள் சிவப்போ அரிப்போ இல்லையென்றால் உடம்புக்குப் போடலாம். அம்மாயி பச்சைப்பயறு மாவு கொடுத்தனுப்பச் சொன்னார். வீட்டுக்கு வரும்போது தாராளமாகத் தேய்த்துக்கொள்ளலாம். அங்கே கொண்டுபோனால் குளியலறைச் சாக்கடை அடைத்துக்கொண்டு உன் பெயர்தான் கெடும்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். சிறுநீர் கழிக்கும் இடத்துக்குள்ளும் அதை ஒட்டிய உள்பகுதியிலும் பாடி வாஷ், சோப்பு, பவுடர், ஸ்ப்ரே எதுவும் போகக் கூடாது. வெளிப்புறத்தை வெறும் தண்ணீரால் கழுவினால் போதும். உள்ளே தன்னைத் தானே சுத்தம் செய்துகொள்ளும்படிதான் நம் உடம்பு அமைந்திருக்கிறது. கழுவுவதும் துடைப்பதும் எப்போதும் முன்னிருந்து பின்னாக இருக்கட்டும். மாறிச் செய்தால் பின்புறக் கிருமி முன்பக்கம் வந்து நீர்க்கடுப்பு உண்டாகலாம். உள்ளாடையில் வெள்ளையாகவோ, நிறமில்லாமல் கொழகொழவென்றோ பட்டால் பயப்படாதே, முதல் மாதவிலக்குக்குச் சில மாதங்களுக்கு முன்பே அது தொடங்குவது வழக்கம். அரிப்பு, எரிச்சல், துர்நாற்றம் என்று இருந்தால் மட்டும் எனக்கோ வார்டன் அக்காவுக்கோ சொல், மருத்துவரிடம் காட்டிவிடலாம்.

இனி நீ கேட்டது. ஸ்ப்ரே வாங்காமல் ரோல்-ஆன் வாங்கியதற்குக் காரணம் இருக்கிறது. எட்டுப் பேர் படுக்கும் அறையில் சன்னலைச் சாத்திக்கொண்டு ஸ்ப்ரே அடித்தால் மூச்சிரைப்பு இருக்கும் பிள்ளைக்குச் சிரமம்; அந்த டப்பா தீப்பற்றும் பொருளும்கூட. நான் அனுப்பியிருப்பது வாடையைக் குறைக்கும் டியோடரன்ட் மட்டும்தான். வியர்வையையே குறைப்பதற்கென்று அலுமினிய உப்பு கலந்த வேறு வகை உண்டு, இந்த வயதில் உனக்கு அது அவசியமில்லை என்பது என் எண்ணம். வெள்ளைச் சீருடையில் மஞ்சள் கறை படிவதும் பெரும்பாலும் அதனால்தான். குளித்து, அக்குளைத் துண்டால் ஒற்றி, நன்றாகக் காய்ந்த பிறகு இரண்டு முறை உருட்டு. ஈரம் உலர்ந்ததும் சட்டை போடு. குளிக்காத உடம்பின் மேல் அதை உருட்டினால் இரண்டு வாடையும் கலந்து மூன்றாவதாக ஒன்று வரும், அது முதலாவதைவிட மோசம். கீறலோ கொப்புளமோ இருக்கும் நாளில் போடாதே. எவ்வளவு நெருங்கிய தோழி கேட்டாலும் உன் ரோல்-ஆனையும் துண்டையும் கொடுக்காதே. அக்குளில் முடி வரத் தொடங்கினாலும் அதை எடுத்தாக வேண்டும் என்று கட்டாயம் இல்லை. யாருடைய ரேசரையும் வாங்கித் தொட வேண்டாம். அதைப் பற்றி நீ வீட்டுக்கு வரும்போது பேசுவோம்.

ஆடி மாதத்தில் அங்கே எதுவும் காயாது என்பதுதான் எனக்கு உண்மையான கவலை. கூச்சப்பட்டு உள்ளாடையைத் துண்டுக்கடியில் மறைத்துக் காயப்போட்டால் அது இரண்டு நாளானாலும் நசநசவென்றுதான் இருக்கும். அதைப் போட்டால் இடுக்கில் படை வரும். கொடியில் எல்லார் கண்ணுக்கும் தெரியும்படி, காற்றுப் படுகிற இடத்தில் போடு. அங்கே எல்லாருக்கும் உள்ளாடை உண்டு. ஆறு அனுப்பியிருப்பதும் காயாததைப் போட வேண்டிய நிலை உனக்கு வரக் கூடாது என்பதற்காகத்தான். காலுறைக்கும் இதே கணக்கு.

யாராவது வாடையைச் சொல்லிக் கிண்டல் செய்தால் பதில் சொல்லிக்கொண்டிருக்காதே. அந்தப் பிள்ளைக்கும் இன்றோ அடுத்த வருடமோ இதே சுரப்பி விழிக்கத்தான் போகிறது. நீயும் இன்னொருத்தியை அப்படிச் சொல்லிவிடாதே.

பெட்டியின் பக்கவாட்டுப் பையில் ஜூன் மாதமே நாப்கின் வைத்திருக்கிறேன், நீ பார்த்தாயோ இல்லையோ. அதில் இரண்டைப் பள்ளிப் பையிலும் வைத்துக்கொள். வரும் ஞாயிற்றுக்கிழமை அப்பாவோடு நானும் மேலே வருகிறேன். பாடி வாஷ் ஒத்துக்கொள்கிறதா என்று அன்றைக்குச் சொல். ஒத்துக்கொள்ளவில்லையென்றால் வாசனையில்லாத வேறொன்று மாற்றித் தருகிறேன். துவைக்க வேண்டிய ஸ்வெட்டரையும் எடுத்து வை.

அன்புடன்,
அம்மா