தமிழைத் தெரிவுசெய்த வாடிக்கையாளர்களுக்கான முதல் விநியோக முயற்சி குறித்த தரவுக் கோரிக்கை

பெறுநர்: முகாமையாளர், தரவுப் பகுப்பாய்வுக் குழு, தலைமை அலுவலகம், கொழும்பு
அனுப்புநர்: பிரிவுத் தலைவர், வீட்டு விநியோக வாடிக்கையாளர் சேவை
திகதி: 2026 ஜனவரி 12, திங்கட்கிழமை
தேவைப்படும் நாள்: 2026 ஜனவரி 30, வெள்ளிக்கிழமை
பிரதி: பொது முகாமையாளர் (செயற்பாடுகள்), தரவுப் பாதுகாப்புக்குப் பொறுப்பான அலுவலர்

அன்புடையீர்,

வீட்டுக்கு அனுப்பும் ஓடர்கள் முதல் முயற்சியிலேயே வாடிக்கையாளரிடம் சேராமல் கிளைக்குத் திரும்பி வருவது பற்றி ஒரு முடிவெடுக்க வேண்டியுள்ளதால், கீழ்க்காணும் தரவைத் தருமாறு உங்கள் குழுவைக் கேட்டுக்கொள்கிறேன். என்ன கேட்கிறோம் என்பதோடு ஏன் கேட்கிறோம் என்பதையும் சற்று விரித்தே எழுதுகிறேன். சென்ற ஆண்டு எங்கள் பிரிவு இரண்டே வரியில் அனுப்பிய கோரிக்கைக்கு நீங்கள் தந்த எண்ணும் கிளைகள் வைத்திருந்த எண்ணும் ஒத்துப்போகாமல், யார் சரி என்று ஒரு கூட்டம் முழுவதும் வாதிட்டுக் கழிந்தது. "திரும்பிய ஓடர்" என்றால் என்னவென்று நாங்கள் சொல்லாமல் விட்டதே அதற்குக் காரணம். அந்தத் தவறு எங்களுடையது.

கேள்வி

செயலியில் தமிழைத் தெரிவுசெய்த வாடிக்கையாளர்களின் ஓடர்கள், அதே வலயத்தில், அதே நேரப் பகுதியில், அதே கொடுப்பனவு முறையில் ஆங்கிலத்தையோ சிங்களத்தையோ தெரிவுசெய்தவர்களின் ஓடர்களைவிட முதல் முயற்சியில் கூடுதலாகத் தவறுகின்றனவா. தவறுகின்றன என்றால், எத்தனை சதவீதப் புள்ளிகள் கூடுதலாக?

இக்கேள்வி எழுந்த விதத்தையும் குறிப்பிட வேண்டும். வாடிக்கையாளர் எந்த மொழியைத் தெரிவுசெய்திருந்தாலும், ரைடர் புறப்படும்போது போகும் குறுஞ்செய்தி ஆங்கிலத்தில் மட்டுமே போகிறது. டிசெம்பரில் முறைப்பாட்டு அழைப்புகளின் ஒலிப்பதிவுகளைக் கேட்டபோது, வெள்ளவத்தைத் தொடர்மாடி ஒன்றிலிருந்து பேசிய வயதான அம்மா ஒருவர், "மெசேஜ் வந்தது மகள், அது கார்ட் கம்பனி விளம்பரம் எண்டு நினைச்சு அழிச்சுப் போட்டன், பிறகு தெரியாத நம்பரிலயிருந்து போன் வந்தது, நான் எடுக்கேல்ல" என்றார். அன்று அவருடைய பொருட்கள் கீழே காவலாளியின் மேசைவரை வந்து, பணம் வாங்க ஆளில்லாமல் திரும்பியிருந்தன. ஒரு அழைப்பை வைத்துக்கொண்டு கொள்கை வகுக்க முடியாது என்பதால்தான் உங்களிடம் வருகிறோம்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். மொழிவாரியான மொத்தச் சதவீதம் மட்டும் கிடைத்தால் அது எங்களைத் தவறான முடிவுக்கே கொண்டுபோகும். தமிழைத் தெரிவுசெய்தவர்கள் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, முகத்துவாரம், மட்டக்குளி ஆகிய இடங்களில் செறிந்திருக்கிறார்கள். வெள்ளவத்தையில் தொடர்மாடிகள் அதிகம், கொட்டாஞ்சேனையிலும் முகத்துவாரத்திலும் வாகனம் நுழைய முடியாத ஒழுங்கைகள் அதிகம், கையில் பணம் கொடுப்பவர்களும் அங்கே அதிகம் என்பது எங்கள் ரைடர்கள் சொல்வது. இவற்றில் எதுவும் மொழியோடு சம்பந்தப்பட்டதல்ல. ஆனால் மொத்தக் கணக்கில் எல்லாம் மொழியின் தலையில் வந்து விழும். ஆகவே ஒப்பீடு ஒவ்வொரு வலயத்துக்கு உள்ளேயும் செய்யப்பட வேண்டும்.

"தவறிய முதல் முயற்சி" என்பதன் வரையறை

வாடிக்கையாளர் பக்கத்துக் காரணத்தால் முதல் முயற்சியில் ஒப்படைக்க முடியாமற்போன ஓடரையே இங்கு எண்ணுகிறோம். கிளையே இரத்துச் செய்தவை, பொருள் இருப்பில் இல்லாதவை, வாகனம் பழுதானவை எதுவும் இதில் சேராது. இரண்டாம், மூன்றாம் முயற்சிகளைத் தனித்தனி ஓடர்களாக எண்ணக் கூடாது. சென்ற ஆண்டுக் குழப்பம் இதில்தான் தொடங்கியது. உங்கள் அட்டவணையின்படி நிபந்தனை இவ்வாறு அமையும்:

```sql
attempt_no = 1
AND attempt_result IN
  ('NO_ANSWER', 'REFUSED', 'ADDR_NOT_FOUND')
```

வகுக்கும் எண், கிளையிலிருந்து உண்மையில் புறப்பட்ட ஓடர்களின் எண்ணிக்கை மட்டுமே. பதிவான ஓடர்கள் அனைத்தும் அல்ல.

காலம்

2025 மார்ச் 1 முதல் 2025 ஒக்டோபர் 31 வரையான எட்டு மாதங்கள். இரு திகதிகளும் உட்பட, விநியோகம் முயன்ற நாளின்படி, ஓடர் இட்ட நாளின்படி அல்ல. நவம்பரை வேண்டுமென்றே விட்டிருக்கிறோம்: அம்மாத இறுதியில் டித்வா புயலும் அதைத் தொடர்ந்த வெள்ளமும் வந்த நாட்களில் ஓடர்கள் சேராமற்போனதற்குக் குறுஞ்செய்தியின் மொழியைக் காரணமாகக் காட்ட எவரும் துணியமாட்டார்கள்.

எடுத்துக்கொண்ட காலத்துக்குள்ளும் சில நாட்களை நீக்காமல், தனிக் குறியிட்டுத் தர வேண்டும். மார்ச் 2 இல் தொடங்கி மார்ச் 31 நோன்புப் பெருநாள்வரை ஓடிய நோன்பு மாதம் இவற்றில் முக்கியமானது. தமிழைத் தெரிவுசெய்தவர்களில் கணிசமானோர் முஸ்லிம் வாடிக்கையாளர்கள். நோன்பு திறக்கும் நேரம் எங்கள் பி.ப. 6 முதல் 8 வரையான நேரப் பகுதிக்குள் விழுகிறது. அந்த வேளையில் அழைப்பு மணியை எவரும் எடுக்காமல் விடுவது இயல்பு. அதையும் மொழிக் கணக்கில் சேர்த்துவிடக் கூடாது. ஏப்ரல் 12 முதல் 14 வரையான போயா, புத்தாண்டு நாட்கள், மே 6 உள்ளூராட்சித் தேர்தல் நாள், மே 12, 13 வெசாக் நாட்கள் ஆகியவற்றுக்கும் அதே குறி போதும்.

நேரம் பற்றி ஒன்று. களஞ்சியத்தில் நேரங்கள் `UTC` இல் பதியப்படுவதாக உங்கள் குழுவினரே முன்பு கூறியுள்ளனர். இலங்கை நேரம் அதற்கு ஐந்தரை மணித்தியாலம் முன்னே இருப்பதால், மாற்றாமல் விட்டால் மாலை 6 மணி முயற்சி பகல் 12.30 என்று தோன்றும். எங்கள் நேரப் பகுதிகள் அனைத்தும் பொருளற்றுப் போகும். `Asia/Colombo` நேரத்துக்கு மாற்றிய பின்னரே பிரித்துத் தரவும்.

தேவைப்படும் புலங்கள்

ஒரு ஓடருக்கு ஒரு வரி என்ற வகையில், பின்வருவன:

```
order_key, customer_key, branch_code, zone,
first_attempt_at, slot, attempt_result,
payment_mode, lang_at_order, lang_set_at,
is_apartment, sms_status, day_flag
```

இவற்றுள் பெரும்பாலானவற்றுக்கு விளக்கம் தேவையில்லை. மூன்று புலங்கள் மட்டும் கவனத்துக்குரியவை.

மொழிப் புலமே இக்கோரிக்கையின் உயிர். செயலியைத் தரவிறக்கியதும் மொழி தானாகவே ஆங்கிலமாக அமைகிறது. ஆகவே `en` என்று இருப்பவர்களில் ஆங்கிலத்தை விரும்பித் தெரிவுசெய்தவர்களும், அமைப்புப் பக்கத்தை ஒருநாளும் திறந்து பார்க்காதவர்களும் ஒன்றாகக் கலந்திருக்கிறார்கள். `lang_set_at` வெறுமையாக உள்ளவர்களை "தெரிவு செய்யாதோர்" என்று நான்காவது தொகுதியாகப் பிரித்துத் தரவும். மேலும், இன்றைய தெரிவு எங்களுக்கு வேண்டாம். ஓடர் இட்ட நாளில் எந்த மொழி இருந்தது என்பதே வேண்டும். மே மாதத்தில் ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு மாறிய ஒருவரின் ஏப்ரல் ஓடர் தமிழ்க் கணக்கில் வரக் கூடாது.

வலயத்துக்கு வாடிக்கையாளர் தட்டச்சுச் செய்த முகவரியை நம்ப வேண்டாம். அதே வெள்ளவத்தை அங்கே மூன்று மொழிகளிலும், ஆங்கிலத்தில் மட்டுமே நான்கைந்து எழுத்துக்கூட்டல்களிலும் காணப்படுகிறது. `00600`, `01300`, `01500` போன்ற அஞ்சற் குறியீட்டை முதலாவதாகவும், அது இல்லாத இடத்தில் வரைபடப் புள்ளியையும் எடுத்துக்கொள்ளலாம். கொழும்பு 1 முதல் 15 வரை மட்டுமே. தெஹிவளையும் வத்தளையும் இம்முறை வேண்டாம்.

`sms_status` என்பதில் குறுஞ்செய்தி அனுப்பப்பட்டதா என்பதைவிட, கைபேசியைச் சென்றடைந்ததா என்பதே முக்கியம். செய்தியே சேராதவரிடம் அதன் மொழியைப் பற்றிப் பேசிப் பயனில்லை.

பெயர், தொலைபேசி இலக்கம், வீட்டு இலக்கம், தேசிய அடையாள அட்டை இலக்கம், வாங்கிய பொருட்களின் விவரம் ஆகியவை எங்களுக்குத் தேவையில்லை. தவறுதலாகக்கூட அனுப்ப வேண்டாம். `customer_key` மீளக் கண்டறிய முடியாதவாறு மாற்றப்பட்டதாக இருக்கட்டும். ஒரே வாடிக்கையாளர் பலமுறை தவறவிட்டிருப்பதை இனங்காண்பதற்கே அதைக் கேட்கிறோம். ரைடரின் இலக்கத்தையும் கேட்கவில்லை. அது கையில் இருந்தால் என்றாவது ஒருநாள் யாராவது அதை வைத்து ரைடர்களை வரிசைப்படுத்தத் தொடங்குவார்கள் என்பது என் கணிப்பு.

பயன்பாடு

2026 பெப்ரவரி 10 அன்று நடைபெறும் செயற்பாட்டுக் கூட்டத்தில், தமிழில் குறுஞ்செய்தி அனுப்புவதற்கான செலவை அங்கீகரிப்பதா என்று முடிவெடுக்கப்படும். செலவு சிறியதல்ல. ஆங்கிலச் செய்தி 160 எழுத்துகளுக்குள் அடங்கி ஒரே செய்தியாகப் போகிறது. தமிழில் எழுதினால் ஒரு செய்திக்கு 70 எழுத்துகளே இடம். மெய்யின் புள்ளியும் உயிர்மெய்க் குறியும் தனித்தனியே எண்ணப்படும். நாங்கள் எழுதிப் பார்த்த வரைவு எவ்வளவு சுருக்கியும் 131 இல் நின்றது. அதாவது ஒவ்வொரு ஓடருக்கும் இரண்டு செய்திகளின் கட்டணம்.

ஒரே வலயம், நேரப் பகுதி, கொடுப்பனவு முறைக்குள் தமிழ்த் தொகுதியின் தவறு வீதம், ஆங்கிலத்தை விரும்பித் தெரிவுசெய்தவர்களின் வீதத்தைவிட 3 சதவீதப் புள்ளிகளோ அதற்கு மேலோ கூடுதலாக இருந்தால், கொழும்பு 6, 13 கிளைகளில் மார்ச் 9 முதல் ஆறு வாரப் பரீட்சார்த்தத்தைப் பரிந்துரைப்போம். அதற்குக் குறைவாக இருந்தால் அந்தப் பணத்தை, புறப்படுமுன் வாடிக்கையாளரை அழைக்கும் இரு ஊழியர்களுக்குச் செலவிடுவோம். சிங்களத் தொகுதியும் அதே குறுஞ்செய்தியைத்தான் பெறுகிறது என்பதால், அங்கும் இடைவெளி தெரிந்தால் பரிந்துரையில் அதையும் சேர்ப்போம். இந்த 3 என்ற எல்லையைத் தரவைப் பார்க்குமுன்பே எழுதிவைக்கிறேன். பார்த்த பின் அதை நகர்த்த மாட்டோம். சில வலயங்களில் ஓடர்கள் போதாமல் எதையும் சொல்ல முடியாது என்று நீங்கள் கருதினால், அதையே எழுதுங்கள். அப்பதிலையும் கூட்டத்தில் அப்படியே வைப்பேன்.

இத்தரவு வேறு எதற்கும் பயன்படாது. 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை மனதிற்கொண்டு, நோக்கத்தை மேலே குறித்த அளவோடு நிறுத்தியுள்ளோம். விற்பனை ஊக்குவிப்புப் பிரிவு மொழிவாரிப் பட்டியலைக் கேட்டால், அவர்கள் தனிக் கோரிக்கை அனுப்ப வேண்டும். வரிவாரியான கோப்பை நானும் என் பிரிவின் ஓர் அலுவலரும் மட்டுமே திறப்போம். கூட்டத்துக்குச் செல்வது தொகுப்பு அட்டவணை மட்டுமே, அதிலும் 20 ஓடர்களுக்குக் குறைந்த கட்டங்கள் மறைக்கப்படும். கோப்பு 2026 ஜூன் 30 அன்று அழிக்கப்பட்டு, அழித்த விவரம் எழுத்தில் தரவுப் பாதுகாப்பு அலுவலருக்கு அனுப்பப்படும்.

முழுக் கோப்புக்கு முன், ஜூலை மாதத்தின் ஒரு வாரத்தை மட்டும் ஜனவரி 20 அளவில் அனுப்பினால், கொட்டாஞ்சேனைக் கிளையின் கையெழுத்துப் பதிவேட்டோடு வரிக்கு வரி ஒப்பிட்டுப் பார்த்து, வரையறையில் பிழை இருந்தால் இரண்டு நாட்களுக்குள் தெரிவிப்பேன். தைப்பொங்கல் தினமான 15 ஆம் திகதி தவிர ஏனைய வேலை நாட்களில் பி.ப. 2 மணிக்குப் பின் எந்த நேரமும் உங்கள் குழுவினரைச் சந்திக்கலாம்.

இப்படிக்கு,
பிரிவுத் தலைவர்
வீட்டு விநியோக வாடிக்கையாளர் சேவை