கடல் கடந்தும் கரையாதது

1860 நவம்பரில் 'ட்ரூரோ' கப்பல் சென்னையிலிருந்து தென்னாப்பிரிக்காவின் டர்பன் போய்ச் சேர்ந்தது. கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போன தமிழர்கள் கோயில் கட்ட யாரிடமும் அனுமதி கேட்டிருக்க மாட்டார்கள். மரத்தடியில் ஒரு கல், அதில் மஞ்சள், குங்குமம், அவ்வளவுதான். தகரக் கூரையும் கோபுரமும் பிறகு வந்தவை.

திருவிழா பிழைத்ததற்குக் காரணம் பிடிவாதம் மட்டுமல்ல, வளைந்துகொடுத்ததும்தான். டர்பனை அடுத்த இசிப்பிங்கோவில் மாரியம்மன் திருவிழா புனித வெள்ளியை ஒட்டி நடக்கிறது. பஞ்சாங்கத்தில் அப்படி ஒரு நாள் ஏது? கூலிகளுக்கு அன்று விடுமுறை கிடைத்தது. அம்மனும் அதற்கு ஒத்துக்கொண்டாள்!

மொழியின் கதை வேறு. மலாயாவில் 1912 தொழிலாளர் சட்டம் தோட்டங்களில் பள்ளி வைக்கச் சொன்னது. தொழிலாளர் ஊர் திரும்பிவிடாமல் இருக்க வேண்டும் என்ற கணக்கும் அதில் இருந்தது. ஆனாலும் அங்கே தமிழ் வகுப்பறைக்குள் நுழைந்துவிட்டது. இந்தியப் பெருங்கடலில் உள்ள பிரெஞ்சுத் தீவான ரீயூனியனில் அந்த வாய்ப்பு இல்லை. தீமிதி நிலைத்தது, வீட்டுப் பேச்சோ பிரெஞ்சிலிருந்து பிறந்த கிரியோல் மொழியாக மாறியது. பொருள் புரியாமல் மந்திரம் சொல்லும் பேரனை இழப்பு என்பதா, தொடர்ச்சி என்பதா? நான் இரண்டாவது பக்கம்.

மொரீஷியஸில் 1998-இல் புதிய ரூபாய் நோட்டில் தமிழ் எழுத்து இந்திக்குக் கீழே இறங்கியபோது எதிர்ப்புக் கிளம்பியது. அந்த நோட்டுகள் திரும்பப் பெறப்பட்டன. எதிர்த்தவர்களில் பலர் வீட்டில் பேசியது கிரியோல்தான்.