ஏழாம் வகுப்பு அறிவியல்: ‘அடர்த்தி’ – 45 நிமிடப் பாடத் திட்டம்

இந்தத் திட்டம் 7 ‘அ’ பிரிவின் 38 மாணவர்களுக்காக எழுதப்பட்டது. மறுநாள் ‘ஆ’ பிரிவில் இதே பாடத்தை நடத்தவிருக்கும் சக ஆசிரியருக்கும் பயன்பட வேண்டும் என்பதால், சொல்ல வேண்டியவற்றையும் கேட்க வேண்டிய கேள்விகளையும் முழுமையாகவே எழுதியிருக்கிறேன்.

பாடத்தின் கருத்து ஒன்றே: ஒரு பொருளின் அடர்த்தி என்பது அதன் ஓரலகு பருமனில் அடங்கியிருக்கும் நிறை. மாணவர்களிடம் ஏற்கெனவே வேரூன்றியிருக்கும் ‘கனமானது மூழ்கும், இலேசானது மிதக்கும்’ என்ற எண்ணமே இதற்குப் பெரிய தடை. அந்த எண்ணத்தோடு விடை சொன்னால் தவறாகவே போகும்படிதான் இடையிடையே வரும் கேள்விகளை அமைத்திருக்கிறேன். சூத்திரத்தை ஒப்பிக்கத் தெரிந்த மாணவரும் முதல் கேள்வியில் தடுமாறலாம், அதில் வியப்பில்லை.

மேசையில் இருக்க வேண்டியவை: நீர் நிரம்பிய கண்ணாடித் தொட்டி, கைக்கு அடங்காத அளவில் ஒரு காய்ந்த மரக்கட்டை, ஓர் இரும்பு ஆணி, தராசு, அளவுசாடி, நூல் கட்டிய ஒரு கருங்கல் துண்டு, ஒரு மெழுகுவத்தி, கத்தி, எவர்சில்வர் டம்ளர். ஆணிக்குப் பதிலாக ஊசியை எடுத்துவர வேண்டாம். மெதுவாக வைத்தால் அது பரப்பு இழுவிசையால் நீரின் மேலேயே நின்றுவிடும், பிறகு பாடம் வேறு திசையில் ஓடிவிடும்.

கேள்விகளுக்கு எல்லோரும் ஒரே நேரத்தில், 1, 2 அல்லது 3 என்று விரல்களை நெஞ்சோடு ஒட்டிக் காட்ட வேண்டும். கையை உயர்த்தச் சொன்னால் முன்வரிசை மாணவரைப் பார்த்துப் பின்வரிசை விடை சொல்லும். 30 பேருக்கு மேல் சரியாகக் காட்டினால் அடுத்த பகுதிக்குச் செல்லலாம். இல்லையென்றால் பக்கத்தில் இருப்பவரிடம் காரணம் சொல்ல ஒரு நிமிடம் கொடுத்து, அதே கேள்வியை மீண்டும் கேட்க வேண்டும்.

தொடக்கம் (6 நிமிடம்). ஸ்மார்ட் போர்டில் எழுத்து எதுவும் வேண்டாம். மரக்கட்டையையும் ஆணியையும் ஒரு மாணவியின் கைகளில் கொடுத்து எது கனம் என்று சொல்லச் செய்தபின், இரண்டையும் தொட்டியில் போட வேண்டும். “கனமான கட்டை மிதக்கிறது, இலேசான ஆணி மூழ்கிவிட்டது. அப்படியானால் மூழ்குவதை முடிவு செய்வது எடை மட்டும்தானா?” என்று கேட்டு, விடை சொல்லாமல் விட்டுவிட வேண்டும்.

முதல் விளக்கம் (3 நிமிடம்). “ஒரு படி அரிசியையும் ஒரு படி பொரியையும் எண்ணிப் பாருங்கள். படி ஒன்றுதான், ஆகவே இரண்டும் அடைத்துக்கொள்ளும் இடமும் ஒன்றுதான். ஆனால் அரிசிப் படியைத் தூக்கக் கை வலிக்கிறது, பொரிப் படி காற்றாக இருக்கிறது. ஒரே அளவு இடத்துக்குள் எவ்வளவு நிறை திணிக்கப்பட்டிருக்கிறது என்பதைச் சொல்லும் அளவுதான் அடர்த்தி.” தானியங்களுக்கு நடுவில் காற்றும் இருக்கிறதே என்று யாராவது கேட்டால், அவரைப் பாராட்டிவிட்டு, இப்போதைக்குப் படியையே ஒரு பொருளாகக் கருதலாம் என்று சொன்னால் போதும்.

கேள்வி 1. “ஒரு பையில் 1 கிலோ அரிசி, மற்றொரு பையில் 1 கிலோ பொரி. அடர்த்தி எதற்கு அதிகம்? (1) அரிசிக்கு (2) பொரிக்கு (3) நிறை சமம் என்பதால் இரண்டுக்கும் சமம்.” சரியான விடை 1. மூன்று விரல் காட்டுபவர்கள் நிறையையும் அடர்த்தியையும் ஒன்றாகக் கொள்கிறார்கள். எந்தப் பை பெரிதாக இருக்கும் என்று மட்டும் அவர்களிடம் கேட்டால் பெரும்பாலோர் தாமாகவே திருத்திக்கொள்வார்கள்.

இரண்டாம் விளக்கம் (6 நிமிடம்). இப்போது ஸ்லைடில் ஒரே வரி தோன்ற வேண்டும்: அடர்த்தி = நிறை ÷ பருமன். கல்லைத் தராசில் நிறுத்து நிறையைப் பலகையில் எழுதிய பிறகு, அளவுசாடியில் இருக்கும் நீரில் அதை நூலால் இறக்கி, நீர்மட்டம் உயர்ந்ததை இருவரைப் படிக்கச் செய்ய வேண்டும். ஒழுங்கற்ற வடிவமுள்ள பொருளின் பருமன் அது இடம்பெயர்த்த நீரின் பருமனே என்பதை இங்கே சொல்ல வேண்டும். நிறை கிராமிலும் பருமன் கன சென்டிமீட்டரிலும் இருந்தால் அடர்த்தி ‘ஒரு கன சென்டிமீட்டருக்கு இத்தனை கிராம்’ என்று வரும். நீருக்கு அது 1.

கேள்வி 2. “ஒரு கல்லின் நிறை 54 கிராம். அதை இறக்கியதும் நீர்மட்டம் 50 மில்லிலிட்டரிலிருந்து 70 மில்லிலிட்டருக்கு உயர்ந்தது. அடர்த்தி என்ன? (1) 0.77 (2) 2.7 (3) 1080.” விடை 2. மூன்றாவது, வகுக்காமல் பெருக்கியவர்களுடையது. முதலாவதுதான் கவனிக்க வேண்டிய பிழை: 70-ஐயே கல்லின் பருமனாக எடுத்திருக்கிறார்கள். அவர்களைத் திட்டாமல், “உங்கள் கணக்குப்படி இந்தக் கல் நீரைவிட அடர்த்தி குறைந்தது. தொட்டியில் போட்டுப் பார்ப்போமா?” என்று சொல்லிக் கல்லைப் போட்டுவிடலாம்.

மூன்றாம் பகுதியில் கேள்வியே முதலில் வரும். மெழுகுவத்தியை உயர்த்திக் காட்டி: “இதன் நிறை 18 கிராம், பருமன் 20 கன சென்டிமீட்டர் என்று கொள்வோம். இதைச் சரிபாதியாக வெட்டினால் ஒரு துண்டின் அடர்த்தி (1) பாதியாகும் (2) மாறாது (3) இரட்டிப்பாகும்.” இந்த இடத்தில் வகுப்பு இரண்டாகப் பிரியும் என்று எதிர்பார்க்கிறேன், ஆகவே 5 நிமிடத்துக்குக் குறையாமல் ஒதுக்க வேண்டும். இரு தரப்பிலும் ஒருவரைக் காரணம் சொல்ல வைத்த பின்னரே கத்தியை எடுக்க வேண்டும். முழு மெழுகும் மிதக்கிறது, பாதியும் மிதக்கிறது, நகக்கண் அளவு துணுக்கும் மிதக்கிறது. பிறகு கணக்கு: 18 ÷ 20 = 0.9; 9 ÷ 10 = 0.9. “நிறை பாதியானபோது பருமனும் பாதியாகிவிட்டது. அடர்த்தி பொருளின் அளவைப் பொறுத்தது அன்று, எந்தப் பொருள் என்பதைப் பொறுத்தது.”

நான்காம் விளக்கம் (4 நிமிடம்). ஸ்லைடில் தோராய மதிப்புகள்: தேங்காய் எண்ணெய் 0.92, நீர் 1, இரும்பு 7.9, ஈயம் 11.3, பாதரசம் 13.6, தங்கம் 19.3. திரவத்தைவிட அடர்த்தி கூடிய திண்மம் அதில் மூழ்கும், குறைந்தது மிதக்கும் என்று சொல்லி, தொடக்கத்தில் விடையில்லாமல் விட்ட மரக்கட்டைக்கும் ஆணிக்கும் திரும்ப வேண்டும்.

கேள்வி 3. “இரும்பு, ஈயம், தங்கம் ஆகியவற்றின் கட்டிகளைப் பாதரசத்தில் போட்டால் எத்தனை மூழ்கும்?” விடை ஒன்று, தங்கம் மட்டுமே. பாதரசம் நச்சு என்பதால் அதை வகுப்புக்குக் கொண்டுவரக் கூடாது. தங்கம் அதனுடன் கலந்து இரசக்கலவையாவது வேறொரு நாளின் பாடம்.

கப்பல் ஏன் மிதக்கிறது என்ற கேள்வி கட்டாயம் எழும். வெறும் டம்ளரை நிமிர்த்தி மிதக்கவிட்டு, பிறகு அதில் நீர் நிரப்பி மூழ்கச் செய்தால் போதும்: உள்ளிருக்கும் காற்றையும் சேர்த்துக் கணக்கிடும்போது மொத்த அடர்த்தி நீரைவிடக் குறைந்திருந்தது. இதற்கு மேல் விரிக்க வேண்டாம்.

கடைசி 7 நிமிடம் எழுத்து. “விதைநெல் தேர்வு செய்ய, முட்டை மிதக்கும் அளவுக்கு உப்பைக் கரைத்து, அந்த நீரில் நெல்லைக் கொட்டி, மேலே மிதப்பவற்றை நீக்குவார்கள். (அ) உப்பு கரைந்ததால் எதன் அடர்த்தி மாறியது: முட்டையுடையதா, நீருடையதா? (ஆ) மிதக்கும் நெல்லைப் பற்றி என்ன தெரிகிறது?” முதலாவதற்கு ‘நீர்’ என்றும், இரண்டாவதற்கு ‘பதரிலும் முற்றாத நெல்லிலும் அதே இடத்துக்குள் நிறை குறைவு’ என்ற பொருளிலும் விடை வர வேண்டும். (ஆ)வுக்கு ‘இலேசானவை’ என்று மட்டும் எழுதியவர்களின் தாள்களைத் தனியே எடுத்துவைக்கிறேன். நாளைய வகுப்பின் முதல் ஐந்து நிமிடம் அவர்களுக்கானது.